தொண்டைக்கு இறங்கிய சொட்டு

என் மனைவிக்குக் கண்ணில் அழுத்தம் இருக்கிறது என்று முதலில் சொன்னது டாக்டர் இல்லை, எங்கள் வீட்டுக் கதவுதான். சமையலறையிலிருந்து தையல் அறைக்குப் போகிற அந்தக் கதவின் இடது நிலையில் மாதத்துக்கு நாலு தடவை தோளை இடித்துக்கொள்வாள். கவனம் இல்லை என்று நானும் திட்டியிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, இடது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போய்விட்டது என்று. நேராகப் பார்ப்பது நன்றாகத் தெரிகிறது, ஊசியில் நூல் கோர்க்கிறாள், ஆனால் பக்கத்தில் இருப்பது தெரியவில்லை. போனது போனதுதான், இனி திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை என்றார் டாக்டர். இங்கே நியூஜெர்சியில் ஓக் ட்ரீ ரோட்டில் உள்ள புடவைக் கடைகளுக்கு அவள் வீட்டில் இருந்தபடி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். அவளுக்குக் கண்தான் கை.

தினமும் காலையில் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. டிமோலால் என்று பெயர், சின்ன வெள்ளைப் பாட்டில், மஞ்சள் மூடி. டெக்சாஸில் இருக்கிற எங்கள் மகள் அன்று ஃபோனில் இருந்துகொண்டு டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னாள்.

“அப்பா, கண்ணுல தண்ணி ஊறறதை இது கம்மி பண்ணும். அதனால பிரஷர் டவுன் ஆகும். டெய்லி போடணும், ஸ்கிப் பண்ணவே கூடாது. ஓகேவா?”

எனக்கு அப்போதே ஒப்பவில்லை. கண்ணில் தண்ணீர் ஊறுவதைக் குறைத்தால் கண் வறண்டு போகாதா? என் மனைவி விளக்கேற்றி முருகன் படத்துக்கு முன்னால் நின்றாலே கண் கலங்குகிறவள். அந்தக் கண்ணீரையும் இந்த மருந்து குடித்துவிடுமோ என்று இருந்தது. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், ஐசலினில் ஒரு மளிகைக் கடையில் காய்கறிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். டாக்டரிடம் இதைக் கேட்க வெட்கம். அதனால் அவள் வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் போய் நின்று பார்ப்பேன்.

“என்ன, என் மூஞ்சில ஏதாவது எழுதியிருக்கா?” என்பாள்.

கண்ணீர் வழக்கம்போல் வந்தது. அப்படியானால் மருந்து வேலை செய்யவில்லை என்று அடுத்த சந்தேகம். இரண்டையும் தினம் அவளிடமே புலம்புவேன். போட்டால் எரிவது ஒரு நொடிதான். பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. “தொண்டையில கசக்குதுங்க, சொட்டு கண்ணுல விழுந்தா கசப்பு தொண்டைக்கு வருது,” என்று மட்டும் சொன்னாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை ஐந்தரைக்குக் கடை வேனில் வேலைக்குக் கிளம்பும் முன் நானே அவளை நாற்காலியில் உட்காரவைத்துச் சொட்டு விடுவேன். இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனையில் இருபத்தேழாக இருந்த அழுத்தம் பதினெட்டுக்கு இறங்கியிருந்தது. சரி, ஏதோ செய்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

கந்த சஷ்டிக்கு முன்னால் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கப்போவதாக அவள் சொன்னது செப்டம்பரில். பகலில் பல்லில் தண்ணீர் படக்கூடாது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பாலும் பழமும், கொஞ்சம் சோறும். எதற்கு என்று கேட்டேன்.

“கண்ணுக்குத்தான். வேற எதுக்கு?”

நான் தடுக்கவில்லை. எனக்கும் முருகன்மேல்தான் பாரம். விரதம் தொடங்கிய அன்று காலை நான் பாட்டிலை எடுத்தபோது அவள் வாங்கி மேடையில் வைத்தாள்.

“நான் குளிச்சு, பூஜை முடிச்சு நானே போட்டுக்கறேன். நீங்க கிளம்புங்க, வேன் வந்துரும்.”

குளித்துவிட்டுச் சுத்தமாகப் போட்டுக்கொள்கிறாள் போல என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன்.

முப்பத்தெட்டாவது நாள் கண் டாக்டரிடம் முறை வந்தது. மகள் மீட்டிங்கில் இருந்தாள், ஃபோன் எடுக்கவில்லை. டாக்டர் கண்ணில் கருவியை வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். இருபத்தாறு. என்னைப் பார்த்து, தினமும் மருந்து போடுகிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் வாய் திறக்கும் முன்னால் நான் சொன்னேன், “யெஸ், யெஸ், டெய்லி, மார்னிங்.” எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவ்வளவு உறுதியாகச் சொன்ன வாக்கியம் வேறு இல்லை.

சிலருக்கு நாளாக ஆக இந்த மருந்தின் பிடிப்பு குறைந்துவிடும் என்றார் அவர். இன்னொரு மருந்து சேர்க்கலாம், அல்லது லேசர் செய்யலாம், லேசர்தான் நல்லது என்று தோன்றுகிறது என்றார். முன்மேசையில் இருந்த பெண் இரண்டு வாரத்தில் ஒரு தேதி எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு டாக்டர்மேல்தான் கோபம். பதினெட்டு எப்படித் திடீரென்று இருபத்தாறு ஆகும்? கருவி அவருடையது, எண் அவருடையது, லேசரும் அவருடையது. மறுநாள் கடையில் அரிசி மூட்டை அடுக்குகிற நண்பரிடம் சொன்னேன்.

“அண்ணே, இந்த ஊர்ல சும்மா மருந்து குடுத்து அனுப்பினா அவங்களுக்கு எப்படி ஓடும்?” என்றார் அவர். “செகண்ட் ஒப்பினியன் போங்க. இல்லன்னா மருந்துலதான் கோளாறு. பாட்டில் மாறிச்சா?”

மாறித்தான் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் வாங்கிய புதுப் பாட்டிலில் லேபிள் வேறு, கம்பெனி வேறு. எனக்குச் சட்டென்று பிடிபட்டது போல் இருந்தது. டாக்டர் நல்லவர், மருந்துதான் போலி. அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னதற்கு அவள் சிரித்தாள்.

“அப்பா, அது ஜெனரிக். கம்பெனி மாறும், உள்ள மருந்து சேம்தான். கான்ஸ்பிரசி தியரி எல்லாம் வேண்டாம் ப்ளீஸ்.”

அவளுக்கு நியூஜெர்சியில் என்ன நடக்கிறது என்று என்ன தெரியும். மறுநாள் காலை, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு காரியம் செய்தேன். செய்திருக்கக் கூடாது. அந்தப் பாட்டிலைத் திறந்து என் வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். வெறும் தண்ணீராக இருந்தால் தெரிந்துவிடும் அல்லவா? சுரீர் என்றது. அரை நிமிடத்தில் மூக்கின் உள்ளே ஏதோ இறங்கி, தொண்டையில் கசப்பு வந்து நின்றது. வேப்பம்பூ ரசம் மிஞ்சிப்போனது போல ஒரு கசப்பு. மருந்து தண்ணீர் இல்லை. ஆனாலும் சத்து குறைவாக இருக்கலாம் என்று என் மனது விடவில்லை. பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் மருந்துக் கடைக்குப் போனேன்.

அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட வயதான அம்மா, குஜராத்திக்காரர். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் குற்றம் சாட்டினேன். பொறுமையாகக் கேட்டார். மஞ்சள் மூடியைக் காட்டி, எந்தக் கம்பெனி தயாரித்தாலும் இந்த அளவு டிமோலாலுக்கு இந்த நிற மூடிதான், குழம்பக் கூடாது என்பதற்காகவே அப்படி என்றார். கம்ப்யூட்டரில் தேதி பார்த்தார். பிறகு பாட்டிலைக் காதருகே வைத்து ஆட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி ஆட்டினார்.

“அங்கிள்,” என்றார். என்னைவிட அவர்தான் பெரியவர். வாங்கி நாற்பத்தைந்து நாள் ஆகிறது, தினம் இரண்டு சொட்டு என்றால் இது முடிகிற நிலையில் இருக்க வேண்டும், முக்கால் பாட்டிலுக்கு மேல் அப்படியே இருக்கிறதே, எப்படி என்று கேட்டார்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். விரதத்துக்கு முன்னால் இந்தப் பாட்டிலிலிருந்து நான் போட்டது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்கு உண்டானதுதான் குறைந்திருந்தது.

நான் நன்றி கூடச் சொல்லாமல் வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். காலையில் பட்ட கசப்பு இன்னும் நாக்கின் அடியில் இருந்தது போல் தோன்றியது. பல்லில் தண்ணீர் படக்கூடாது. சொட்டு கண்ணில் விழுந்தால் கசப்பு தொண்டைக்கு வருகிறது. நான் கிளம்பிய பிறகு போட்டுக்கொள்கிறேன் என்றாள். டாக்டரையும், அவர் கருவியையும், கம்பெனியையும், மருந்துக் கடையையும் இரண்டு நாளாகச் சந்தேகப்பட்டேன். ஒரே கட்டிலில் படுக்கிறவளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

வேலைக்குத் திரும்பவில்லை. வீட்டுக்குப் போனேன். அவள் மெஷினில் உட்கார்ந்து ஒரு பிளவுஸுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை எடுத்து மெஷின் பலகையில், துணிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

“எத்தனை நாளா?” என்றேன்.

“விரதம் ஆரம்பிச்சதிலிருந்து.”

“முப்பத்தொன்பது நாளா? ஒரு நாளும் போடலையா?”

“போட்டா தொண்டைக்குப் போகுதுங்க. கசப்பா, நல்லாத் தெரியுது. உள்ள போனா விரதம் முறிஞ்ச மாதிரிதானே? தண்ணியே குடிக்காம இருந்துட்டு மருந்தை முழுங்குனா என்ன அர்த்தம்?”

“சாயங்காலம் விளக்கேத்தின அப்புறம் போட்டிருக்கலாமே!”

“காலையிலதான் போடணும்னாங்க. மாத்திப் போட்டா ஏதாவது ஆயிடும்னு பயம்.” பிறகு குரல் தாழ்ந்தது. “அதுவும் பொய்தான். இத்தனை நாள் போட்டு ஒண்ணும் தெரியலையே, இது நிசமாவே ஏதாவது பண்ணுதான்னு எனக்கும் ஒரு சந்தேகம். நீங்கதான் தினம் சொல்லிக்கிட்டே இருந்தீங்களே, இது வேலை செய்யுதோ இல்லையோ, கண்ணு வறண்டுடுமோன்னு. முருகன் பாத்துப்பார்னு விட்டுட்டேன்.”

வெங்காயம் நறுக்கும்போது போய் நின்று பார்த்தவன் நான்தானே.

“டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லலை?”

“நீங்கதான் எனக்கு முன்னாடி யெஸ் யெஸ்னு சொல்லிட்டீங்களே. புருஷன் சொன்னதை அங்க வச்சுப் பொய்னு சொல்றதா?”

“ரெண்டு வாரத்துல லேசர் வச்சுக் கண்ணைச் சுட்டிருப்பாங்க, போடாத மருந்து வேலை செய்யலைன்னு நினைச்சு! அதுக்குள்ள அழுத்தம் மிச்சப் பார்வையையும் தின்னிருந்தா?”

“அப்ப விரதத்தை விடச் சொல்றீங்களா?” கண் நிறைந்து வழிந்தது. “இன்னும் ஒன்பது நாள்தான். இத்தனை நாள் இருந்துட்டு இப்ப விட மாட்டேன். என்னை எதுவும் சொல்லாதீங்க.”

அவள் விட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வற்புறுத்தினால் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடாமல் இருப்பாள் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. அதனால் அங்கேயே நின்று கண் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இருந்தார். கண் அழுத்தம் அளக்க உதவுகிற பெண், யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் போன நாட்களில் அவருக்கு விடுமுறையாக இருந்திருக்கிறது. மறுநாள் காலை வரச் சொன்னார்.

போனதும் அளந்தார். இருபத்தேழு. நான் எதையும் மறைக்காமல் சொன்னேன், என் கண்ணில் சொட்டு விட்டது உட்பட. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஐயா, உங்களுக்கு மூச்சிழுப்பு ஏதும் இருக்கோ?”

“குளிர் காலத்துல கொஞ்சம் வீசிங் வரும்.”

“ஐயோ கடவுளே! இது இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்துச் சாதி. ஆஸ்துமாக்காரர் போட்டா மூச்சு அடைக்கும். அம்மாவிட்ட மருந்து குடுக்க முன்னம் ஆஸ்துமா இருக்கோ, இதய வருத்தம் இருக்கோ எண்டு கேட்டிருப்பினமே, அது சும்மாவோ? கண்ணுக்க விட்டாலும் மூக்கால இறங்கி ரத்தத்தில சேரும். இனிமேல் மற்றாக்களின்ர மருந்தைத் தொடாதேங்கோ.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனைவிக்கு மட்டும் லேசாகச் சிரிப்பு வந்தது, அத்தனை நாளில் முதல் தடவை.

பிறகு அவள் பக்கம் திரும்பி, சுவரில் இருந்த கண் படத்தைக் காட்டினார். “அம்மா, இந்த மருந்து குறைக்கிறது கண்ணீரை இல்லை. கண்ணீர் வெளியில ஊறுறது. கண்ணுக்குள்ள வேற ஒரு தண்ணி இருக்கு. கண்ணின்ர நிறப் பகுதி இருக்கெல்லோ, அதுக்குப் பின்னால சின்னச் சின்ன மடிப்பா ஒரு சதை இருக்கு, அதிலதான் அந்தத் தண்ணி ஊறுது. ஊறி, கறுப்பு ஓட்டைக்குள்ளால முன்னுக்கு வந்து, ஓரத்தில இருக்கிற வடிகாலால வெளியில போகும். உங்களுக்கு வடிகால் மெதுவாப் போகுது. ஊறுறது மட்டும் ஊறிக்கொண்டே இருக்கு. சிங்குக்க டாப் திறந்திருக்கு, தண்ணி போற ஓட்டை அரைவாசி அடைச்சிருக்கு எண்டு வையுங்கோ. அந்த அழுத்தம்தான் பின்னால இருக்கிற நரம்பை நசிக்கிறது.”

“அப்ப மருந்து ஓட்டையைத் திறக்குமா?” என்றேன் நான்.

“இல்லை. இந்த மருந்து டாப்பைக் கொஞ்சம் மூடும். தண்ணி ஊறப் பண்ணுற சதைக்கு உடம்பு ஒரு செய்தி அனுப்புது, ஊறு ஊறு எண்டு. மருந்து அந்தச் செய்தி போய்ச் சேராமப் பண்ணும். அதால தண்ணி குறைச்சலா ஊறும், அழுத்தம் இறங்கும். முழுக்க நிறுத்தாது, கண்ணுக்கு அந்தத் தண்ணி வேணும். ஆனா மருந்தை விட்டா திரும்பப் பழையபடிக்கு ஊறும். நீங்கள் விட்டீங்கள், ஏறிட்டுது. மருந்து வேலை செய்யேல்லை எண்டு இல்லை. வேலை செய்தது எண்டதுக்கு இதைவிட வேற சாட்சி என்ன வேணும்?”

“ஆனா ஒண்ணும் தெரியலையே,” என்றாள் என் மனைவி.

“தெரியாதம்மா. அழுத்தம் ஏறுறதும் தெரியாது, இறங்குறதும் தெரியாது. பார்வை போறதும் ஓரத்தில இருந்து மெல்லப் போறதால கன நாளைக்குத் தெரியாது. அதுதான் இந்த வருத்தத்தின்ர கள்ளத்தனம்.”

மனைவி தொண்டையைத் தொட்டுக் காட்டி, தன் சங்கடத்தைச் சொன்னாள். நான் அந்தப் பெண் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போற ஆள், அம்மா. உங்கட விரதத்தின்ர சட்டம் எனக்குத் தெரியாது. ஆனா கசப்பு தொண்டைக்குப் போகாமப் பண்ணலாம். அது எல்லாருக்குமே சொல்லிக் குடுக்க வேணும், உங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டினம் போல.”

அவளைப் பின்னால் சாய வைத்து ஒரு சொட்டு விட்டார். கண்ணை மெதுவாக மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண்ணின் உள்மூலையில் அவள் விரலையே வைத்து அழுத்தச் சொன்னார். அங்கே சின்ன வடிகால் இருக்கிறதாம், கண்ணீர் மூக்குக்கு இறங்குகிற வழி. அதை அமுக்கிப் பிடித்தால் மருந்து கண்ணிலேயே நிற்கும், பெரும்பகுதி தொண்டைக்கு வராது, உடம்புக்கும் போகாது. இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும் என்றார்.

“எவ்வளவு நேரம்னு எப்படித் தெரியும்? கண்ணுதான் மூடியிருக்கே,” என்றாள்.

“எதையாவது எண்ணுங்கோவன்.”

அவள் உதடு அசையத் தொடங்கியது. சரவணபவ, சரவணபவ என்று. நூற்றெட்டு முடியும் வரை நானும் அந்தப் பெண்ணும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டரை நிமிடத்துக்கு மேல் வந்தது. கண் திறந்தாள். எச்சில் விழுங்கினாள். இன்னொரு தடவை விழுங்கினாள்.

“கசக்குதா?” என்றேன்.

“இல்லைங்க.”

“நெசமாவா? எனக்காகச் சொல்லாத.”

“நாக்குக்குத் தெரியலை. நாக்குக்குத் தெரியாதது விரதத்துக்கு எப்படித் தெரியும்?” என்றாள். அது சரியான நியாயமா என்று கோயிலில் யாரையும் நான் போய்க் கேட்கவில்லை. கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். எனக்கு அவள் மனது ஒத்துக்கொண்டதே போதும்.

டாக்டர் வந்தார். அந்தப் பெண் நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கோபிப்பார் என்று நினைத்தேன். கணினியில் லேசருக்கு எழுதிய தேதியை அழித்தார். தினமும் போட்டு நாலு வாரம் கழித்து வரட்டும், அப்போது குறையவில்லை என்றால்தான் அடுத்தது பேசலாம் என்றார். என்னிடம் மட்டும், இனி கேள்வி கேட்டால் பேஷன்ட் பதில் சொல்லட்டும் என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவள் நாற்பத்தெட்டு நாளையும் முடித்தாள். சூரசம்ஹாரம் பார்க்கக் கோயிலுக்குப் போனபோது அவள் நிற்கவே தடுமாறினாள். கூட்டத்தில் இடது பக்கமாக யாரும் இடித்துவிடாமல் நான் அந்தப் பக்கம் நின்றுகொண்டேன். முருகன் கண்ணைக் காப்பாற்றினாரா, மஞ்சள் மூடிப் பாட்டில் காப்பாற்றியதா என்று அவளிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கே அவளிடம் இடம் இல்லை. யாழ்ப்பாணத்துப் பெண் விடுமுறையில் இல்லாமல் அன்று இருந்ததே யார் செயல் என்பாள்.

நாலு வாரம் கழித்து அழுத்தம் பதினெட்டு. ஓரப் பார்வைப் பரிசோதனையும் செய்தார்கள். இருட்டாக இருந்த இடம் வசந்த காலத்தில் முதன்முதலில் பரிசோதித்தபோது இருந்த அளவிலேயே இருந்தது. கூடவில்லை, குறையவும் இல்லை. இந்த நோயில் கூடாமல் இருப்பதே பெரிய சந்தோஷம் என்று அந்தப் பெண் சொன்னார்.

இப்போதும் காலையில் அவளே போட்டுக்கொள்கிறாள். நான் கிளம்பித் தயாராகி, சமையலறை வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பேன். சொட்டு விழுகிறதா, விரல் உள்மூலையில் இருக்கிறதா, நூற்றெட்டு முடிகிற வரை எடுக்காமல் இருக்கிறாளா என்று பார்ப்பேன். நம்பாமல் இல்லை. முப்பத்தொன்பது நாள் ஏமாந்தவனுக்கு முழுசாக நம்ப இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும், அவ்வளவுதான்.

அவள் கண்ணை மூடியபடியே, விரலையும் எடுக்காமல் சொல்வாள்: “ரெண்டு காலுக்கு இவ்வளவு நேரமா லேஸ் கட்டுவாங்க? போங்க, வேன்காரன் ஹார்ன் அடிக்கிறான்.”